வடுமாங்காய் அறிமுகப் படம்: டிசைனருக்கு எழுதிய குறிப்பைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

செல்வி_கொழிஞ்சாம்பாறை

எல்லோருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கிறேன். இதுவரை அக்கம்பக்கத்துக்கும், கோயம்புத்தூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் வழியாகவும்தான் போய்க்கொண்டிருந்தது. வருகிற பங்குனியில் வடுமாங்காயை மட்டும் தனிப் பெயரோடு, கண்ணாடி ஜாரில் 400 கிராமாக அடைத்து விற்கலாம் என்று இருக்கிறேன். முதலமடைப் பக்கத்துத் தோப்புகளில் இருந்து வடு எடுக்கிறேன். எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு இருக்கிறது.

வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட ஒரு அறிமுகப் படம் வேண்டும். தெரிந்த தம்பி ஒருவர் டிசைன் செய்கிறார். என்ன வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார். நான் எழுதியது இதுதான்:

"தம்பி, நடுவில் நம் ஜார். லேபிள் ஜாரைச் சுற்றி முழுவதும் வர வேண்டும், மெரூன் நிறம், தங்க எழுத்து. பெயர் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் பெரிதாக. சேர்மானம், விலை, தேதி எல்லாம் படத்திலேயே படிக்கிற மாதிரி தெரிய வேண்டும். பின்னால் மாந்தோப்பு, பக்கத்தில் பழைய பரணி, முன்னால் வாழையிலையில் தயிர்சாதம். ஊறுகாய் நல்ல சிவப்பாகத் தெரியட்டும். மூடி தங்க நிறம். பார்த்தவுடனே வீட்டு ஊறுகாய் என்று தெரிய வேண்டும்."

இதில் எதைச் சேர்க்கலாம், எதை எடுக்கலாம்? ஜாரின் விட்டம் 8 செ.மீ. நேராக இருக்கும் பகுதியின் உயரம் 7.5 செ.மீ. அதற்கு மேல் தோள் வளைந்து மூடிக்குப் போகிறது.

---

தங்கவேல்_வண்ணாமடை

வடுவைக் காம்போடு பறிக்க வேண்டும் அம்மணி. கீழே விழுந்ததைப் பொறுக்கினால் அடிபட்ட இடத்தில் கறுத்து அழுகிவிடும். கழுவி, ஈரம் போகத் துணியில் பரப்பி, விளக்கெண்ணெய் தடவி, மஞ்சள்பொடி போட்டுப் பிரட்டி, அப்புறம் கல்லுப்பு. தினமும் ஒருமுறை குலுக்கிவிட வேண்டும். தண்ணீர் விட்டுக்கொண்டு தோல் சுருங்கிய பிறகுதான் கடுகுப்பொடியும் மிளகாய்ப்பொடியும். எங்கள் அம்மா போட்டது அடுத்த வருஷ வடு வரும்வரை கடிக்கக் கடுக்கென்றுதான் இருக்கும். விளக்கெண்ணெய் சேர்க்கிறீர்களா இல்லையா?

---

செல்வி_கொழிஞ்சாம்பாறை

சேர்க்கிறேன் ஐயா. பறிப்பதும் காம்போடுதான். செய்முறையில் சந்தேகமில்லை, படத்துக்கு எழுதுகிற குறிப்புதான் பிடிபடவில்லை.

---

ரஹீம்_வேலந்தாவளம்

அக்கா, கல்யாண ஆல்பம் செய்கிறவன் நான். ஒரே வார்த்தையில் சொல்கிறேன்: கறுப்புப் பின்னணி. எந்தப் பொருளையும் கறுப்பில் வைத்தால் விலை உயர்ந்ததாகத் தெரியும். தங்க எழுத்தும் தூக்கலாக இருக்கும். மேலிருந்து கீழே பார்த்து எடுத்தால் தயிர்சாதமும் தெரியும், ஜாரும் தெரியும். மாந்தோப்பை எடுத்துவிடுங்கள், அது கூட்டம்.

---

முருகேசன்_பேக்கிங்

கோயம்புத்தூரில் உணவுப் பொருள்களுக்கு லேபிளும் பெட்டியும் வடிவமைப்பது என் தொழில். செல்வி, நீங்கள் அளவு கொடுத்தது பெரிய உதவி. முக்கால்வாசிப் பேர் அதைத் தருவதே இல்லை.

உங்கள் குறிப்பில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. ஒன்று லேபிள், அது அச்சகத்துக்குப் போவது. இன்னொன்று அறிமுகப் படம், அது போன் திரைக்குப் போவது. லேபிள் முடிவாகி, உண்மையான ஜாரில் ஒட்டிப் பார்த்த பிறகுதான் படத்துக்கு வர வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால், டிசைனர் கணினியில் இருக்கும் ஏதோ ஒரு ஜாரின் மேல் லேபிளை ஒட்டிக் காட்டுவார். அதில் எல்லாம் அழகாக இருக்கும். அச்சாகி வந்து உங்கள் ஜாரில் ஒட்டினால் வேறாக இருக்கும்.

முதலில் லேபிளைப் பார்க்கலாம். விட்டம் 8 என்றால் சுற்றளவு 25 செ.மீ. சொச்சம். நேர் எதிரே நின்று பார்க்கிறவருக்கு அதில் பாதி, அதாவது பன்னிரண்டரை செ.மீ., கண்ணில் படும். ஆனால் அத்தனையும் படிக்க வராது. நடுவிலிருந்து இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 4 என்று 8 செ.மீ. தாண்டினால், வளைவில் எழுத்தின் அகலம் ஏறக்குறைய பாதியாக நசுங்கிவிடும். ஒரு தாளில் உங்கள் பெயரை 12 செ.மீ. நீளத்துக்கு எழுதி, ஜாரில் சுற்றி, எதிரே நின்று பாருங்கள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒல்லியாகிப் பக்கவாட்டுக்கு ஓடும். அதனால் பெயர், பச்சைக் கட்டத்துக்குள் பச்சைப் பொட்டு, எடை இந்த மூன்றும் அந்த 8 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். அதிலும் பெயர் 6 செ.மீ.க்குள் நின்றால் நல்லது. பச்சைப் பொட்டு பெயருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது விதி, அதைப் பின்னால் தள்ள முடியாது.

அடுத்தது உயரம். நேர்ப்பகுதி 7.5 இருக்கிறது என்று லேபிளை 7 செ.மீ. உயரத்தில் போட்டுச் சுற்றிலும் ஒட்டினால், உள்ளே என்ன இருக்கிறது என்பதே தெரியாது. வடுமாங்காய்க்குக் கண்ணாடி ஜார் வாங்குவதே அந்தச் சுருங்கிய முழு வடு வெளியே தெரிவதற்காகத்தானே? லேபிள் 4 செ.மீ. உயரம் போதும். அதற்கு மேலே ஒரு வரிசை வடு தெரியட்டும். சுற்றளவிலும் 18 செ.மீ.யோடு நிறுத்தி, ஒரு பக்கம் 7 செ.மீ. கண்ணாடியை விட்டுவிடுங்கள். ஜாரை லேசாகத் திருப்பி வைத்து எடுத்தால் பெயரும் தெரியும், சரக்கும் தெரியும்.

---

ரஹீம்_வேலந்தாவளம்

கறுப்பு வேண்டாம் என்கிறீர்களா?

---

முருகேசன்_பேக்கிங்

கறுப்பு அட்டை வேண்டும் ரஹீம், ஆனால் பின்னால் வைக்க அல்ல. வடுமாங்காய்த் தண்ணீர் கடுகும் மிளகாயும் கலந்து கலங்கலாக, பழுப்பு கலந்த சிவப்பாக இருக்கும். பின்னாலிருந்து வெளிச்சம் வராவிட்டால் அது போன் கேமராவில் காபி டிகாஷன் மாதிரி கறுத்துவிடும். கறுப்புப் பின்னணியில் ஜாரே இருட்டில் கரைந்து, மூடியும் லேபிளும் மட்டும் மிதக்கும். மெரூன் லேபிளாக இருந்தால் அதுவும் போச்சு.

ஜாருக்குப் பின்னால் வெளிச்சமான வெளிர்நிறப் பரப்பு வேண்டும். ஜாரின் வலமும் இடமும், படத்துக்குள் வராத தூரத்தில், இரண்டு கறுப்பு சார்ட் அட்டைகளை நிறுத்துங்கள். கண்ணாடியின் ஓரத்தில் அவை மெல்லிய கறுப்புக் கோடாகப் பிரதிபலிக்கும், ஜாரின் உருவம் பளிச்சென்று பிரியும். இன்னொரு கைவேலையும் உண்டு. ஜாரை விடக் கொஞ்சம் சிறியதாக ஒரு வெள்ளை அட்டையையோ பளபளப்பான தாளையோ வெட்டி, ஜாருக்குப் பின்னால் மறைவாகச் சாய்த்து வைத்தால், ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி உள்ளே அனுப்பும். தண்ணீர் தேன்நிறத்துக்கு வந்துவிடும். லேபிளின் முகத்துக்கு வெளிச்சம் போதாமல் போகும், அதற்கு முன்பக்கம் ஒரு தெர்மாகோல் தகடு போதும்.

மேலிருந்து எடுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அப்படி எடுத்தால் மூடிதான் கதாநாயகன், லேபிள் அடியில் குறுகிப்போகும்.

---

ரஹீம்_வேலந்தாவளம்

பின்னணி விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். மேலிருந்து எடுப்பதைத் தயிர்சாதத்துக்காகச் சொன்னேன். அது வேண்டாமென்றால் கேமரா லேபிளின் உயரத்துக்கே இறங்கி வர வேண்டும், கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுக்க வேண்டும். கிட்டப்போய் எடுத்தால் ஜாரின் வயிறு உப்பித் தெரியும். ஜன்னலில் நேர் வெயில் வந்தால் மெல்லிய வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிடுங்கள். கண்ணாடியில் ஜன்னல் கம்பி கோடு கோடாகத் தெரிவது அதில் போய்விடும்.

---

புஷ்பா_நகரி

நான் நகரியில் ஆவக்காய் போடுகிறேன். எங்கள் பக்கம் ஜார் என்றால் மேலே ஒரு விரல் எண்ணெய் நிற்க வேண்டும். எண்ணெய் தெரியாத படத்தைப் பார்த்தால் "இது கெட்டுப்போகாதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதனால் என் படத்தில் எண்ணெய்தான் பிரதானம். நீங்களும் மேலே கொஞ்சம் நல்லெண்ணெய் ஊற்றிப் படம் எடுத்தால் என்ன?

இன்னொன்று, லேபிள் எதில் அச்சடிக்கிறீர்கள் என்று பாருங்கள். முதலில் எனக்குச் சாதாரணத் தாள் ஸ்டிக்கரில் அடித்துக் கொடுத்தார்கள். மூடி ஓரம் வழியாக எண்ணெய் கசிந்து, லேபிளின் மேல்விளிம்பு கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிட்டது. தேதி அச்சடித்த மை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. இப்போது பிளாஸ்டிக் ஸ்டிக்கருக்கு மாறிவிட்டேன், மேலே மேட் லேமினேஷன். ஜாரின் வெளிப்பக்கத்தில் எண்ணெய்ப்பசை இருந்தால் அதுவும் ஒட்டாது, காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும்.

---

செல்வி_கொழிஞ்சாம்பாறை

புஷ்பாக்கா, வடுமாங்காய் உப்புத்தண்ணீரில் நிற்கிறது. விளக்கெண்ணெய் தோலில் தடவுகிற அளவுதான். எண்ணெய் ஊற்றிப் படம் எடுத்தால் வாங்குகிறவர் எண்ணெயைத் தேடுவார். அது வேண்டாம் என்று நினைக்கிறேன். ஸ்டிக்கர் விஷயத்தைக் குறித்துக்கொண்டேன்.

முருகேசன் அண்ணா, "நல்ல சிவப்பாகத் தெரியட்டும்" என்று எழுதியிருந்தேனே, அது?

---

முருகேசன்_பேக்கிங்

அந்த வரிதான் இந்தக் குறிப்பிலேயே ஆபத்தானது. அதைப் படிக்கும் டிசைனர் இணையத்தில் "ஊறுகாய்" என்று தேடி, வெட்டிய மாங்காய்த் துண்டு சிவப்பு எண்ணெயில் மிதக்கும் படத்தை எடுத்துப் போட்டுவிடுவார். அவர் மேல் குற்றமில்லை, நாம் சிவப்பு என்று எழுதிவிட்டோம். உங்கள் சரக்கோ முழு வடு, சுருக்கம் விழுந்த தோல், பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், காம்பின் நுனி நீட்டிக்கொண்டிருக்கும். தெரிந்தவர்கள் பார்ப்பது அந்தச் சுருக்கத்தைத்தான். தங்கவேல் ஐயா சொன்ன காம்பு படத்தில் தெரிந்தால், பொறுக்கிய வடு இல்லை என்று ஒரு வார்த்தை எழுதாமலே புரிந்துவிடும்.

எனவே குறிப்பில் நிறத்தைப் பெயரால் சொல்லாதீர்கள். சரக்கு நிறைத்த ஜார் ஒன்றையும் காலி ஜார் ஒன்றையும் டிசைனர் கையிலேயே கொடுங்கள். "நிறத்தைத் திருத்தினால் இந்த ஜாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தவும், இதைவிடப் பச்சையாகவோ சிவப்பாகவோ போக வேண்டாம்" என்று எழுதுங்கள்.

எந்த வயது வடுவைப் படம் எடுக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். உப்பில் போட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தால் தோல் பச்சையாக, வழவழவென்று இருக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் அனுப்பும்போது அப்படி இருக்காது. அனுப்பும் பருவத்துக்கு வந்த சரக்கைத்தான் எடுக்க வேண்டும். நிறுத்தி வைத்த ஜாரில் கடுகுப்பொடி அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்துவிடும். எடுப்பதற்கு முன் மூடியை இறுக்கிக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், நுரை அடங்கியதும் எடுங்கள். கவிழ்த்தபோது தண்ணீர் கழுத்தில் வழிந்திருந்தால் துடையுங்கள், காய்ந்தால் உப்பு வெள்ளையாகப் பூத்துப் படத்தில் அழுக்காகத் தெரியும்.

---

ஜெயந்தி_சித்தூர்

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து எழுதுகிறேன், ஆந்திரச் சித்தூர் இல்லை. பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் எழுத்தைப் பற்றி மட்டும்.

மூன்று மொழியும் ஒரே அளவில் பெரிதாக இருந்தால் ஒன்றும் நிற்காது. நம் பக்கம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கண்ணிமாங்கா என்றுதான் கேட்பார்கள், பாதிப் பேர் வடுமாங்காய். இந்த இரண்டையும் முன்பக்கம் போடலாம், ஒன்று பெரிது, ஒன்று அதில் பாதி. சட்டப்படி வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தாக வேண்டும், கூடவே எந்த மொழியும் சேர்த்துக்கொள்ளலாம். எனவே ஆங்கிலப் பெயர் முன்பக்கத்தில் சிறியதாக இருந்தால் போதும், மற்ற ஆங்கில விவரங்கள் பின்பக்கம் போகலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். உங்கள் ஊர்ப்பெயர் "கொ" என்று தொடங்குகிறது. டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போடாவிட்டால் கொம்பு இடம் மாறிப்போகும், "காெ" என்று க-வுக்கும் காலுக்கும் பின்னால் போய் நிற்கும். கடைப்பலகைகளில் இதை எத்தனை பார்த்திருக்கிறேன்! மலையாளத்திலும் கூட்டெழுத்து பிரிந்து சந்திரக்கலையோடு தனித்தனியாக நிற்கும். எழுதிக் கொடுக்கும் வார்த்தைகளைத் தாளில் கையால் எழுதிக் கொடுக்காதீர்கள், போனில் யூனிகோடில் தட்டி அனுப்புங்கள். அவர் நகலெடுத்து ஒட்டட்டும். மலையாளத்தை மலையாளம் படிக்கிற ஒருவர் தனியாகப் பார்க்க வேண்டும்.

---

முருகேசன்_பேக்கிங்

ஜெயந்தி டீச்சர் சொன்னதோடு ஒன்று. Illustrator-இல் வேலை செய்கிறார் என்றால் Preferences-இல் Type பக்கத்தில் Show Indic Options என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டபின் பத்திப் பலகையில் இந்திய மொழிகளுக்கான கம்போஸரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் கோப்பில் எழுத்தையெல்லாம் வெறும் வடிவமாக மாற்றிவிடுவார்கள், அதற்குப் பிறகு ஓர் எழுத்தைத் திருத்துவதென்றாலும் பழைய கோப்பைத் தேடித் திறக்க வேண்டும். எனவே எழுத்துப் பிழை பார்ப்பது அதற்கு முன்பே முடிய வேண்டும்.

---

புஷ்பா_நகரி

"வீட்டு ஊறுகாய்" என்று லேபிளில் போடக்கூடாது என்று ஒருவர் எனக்குச் சொன்னார். விளம்பர விதியில் இருக்கிறதாம். ஆனால் நாம் நிஜமாகவே வீட்டில்தானே செய்கிறோம்?

---

முருகேசன்_பேக்கிங்

உணவு விளம்பரங்களுக்கும் உரிமைகோரல்களுக்கும் 2018இல் வந்த விதிகளில், வாங்குகிறவரைத் தவறாக எண்ண வைக்கும்படி "வீட்டில் செய்தது", "வீட்டுச் சமையல்" போன்ற சொற்களைப் போடுவது பற்றிப் பேச்சு வருகிறது. வீட்டில் செய்வதாகவே பதிவு வைத்திருப்பவருக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதில் ஆளுக்கொரு விளக்கம் தருகிறார்கள். என் வாடிக்கையாளர்களுக்கு அந்தச் சொல்லைத் தவிர்க்கச் சொல்வதுதான் என் வழக்கம். ஊர்ப்பெயரைப் பெரிதாகப் போடுங்கள், "முழு வடு, கல்லுப்பு, விளக்கெண்ணெய்" என்று எழுதுங்கள், வீட்டுப் பக்குவம் அதிலேயே தெரியும்.

---

புஷ்பா_நகரி

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆலைக்காரர்கள் "பாட்டி கைமணம்" என்று போடுவார்கள், வீட்டில் செய்கிற நாம் போடக்கூடாதா? உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் கேட்கப் போகிறேன்.

---

செல்வி_கொழிஞ்சாம்பாறை

அக்கா, பதில் வந்தால் இங்கேயே போடுங்கள். அதுவரை நான் போடவில்லை.

பரணி பற்றி யாரும் சொல்லவில்லையே? நான் ஊறப்போடுவது நிஜமாகவே பரணியில்தான். மேல்பாதி பழுப்பு, கீழ்ப்பாதி வெள்ளை, அம்மா வீட்டிலிருந்து வந்தது. அது படத்தில் வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

---

ரஹீம்_வேலந்தாவளம்

வையுங்கள் அக்கா. ஜாருக்குப் பின்னால் ஒரு பக்கமாக, லேசாக மங்கலாக. மங்கலானாலும் பரணி என்று எல்லோருக்கும் தெரியும்.

---

முருகேசன்_பேக்கிங்

என் பயம் என்னவென்றால், பரணி பெரிது, பளபளப்பு, கண்ணை இழுக்கும். வாங்குகிறவர் "இந்தப் பரணியிலா வரும்?" என்று கேட்பார். எனக்கு இப்படி நடந்திருக்கிறது. ஒருவருக்குச் செய்த படத்தில் மூங்கில் கூடை இருந்தது, கூடை எங்கே என்று கேட்டு ஆர்டர் கொடுத்தவர்களெல்லாம் போன் செய்தார்கள். அறிமுகப் படத்தில் ஜார் மட்டும், பரணி அடுத்த நாள் தனிப் படம் என்பது என் கட்சி. ரஹீம் சொல்வதுபோல் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்றால் தப்பில்லை என்பவர்களும் உண்டு. இரண்டையும் எடுத்துப் போனில் பாருங்கள்.

வாழையிலையை ஜாருக்குக் கீழே போட வேண்டாம். அடிக்கண்ணாடியில் பச்சை ஏறி, தண்ணீர் சேற்றுநிறமாகத் தெரியும். சாதம் வேண்டுமென்றால் சிறிய கிண்ணத்தில் தயிர்சாதம், மேலே ஒரே ஒரு வடு. ஜாருக்கு முன்னால் வேண்டாம், பக்கத்தில்.

சேர்மானம், விலை எல்லாம் படத்தில் படிக்க வேண்டும் என்றீர்கள். போன் திரையின் அகலம் 7 செ.மீ. அளவு. படத்தின் பாதி அகலத்துக்கு ஜார் நின்றால் திரையில் அது மூன்றரை செ.மீ., நிஜத்தில் பாதிக்கும் குறைவு. லேபிளில் 2 மி.மீ. உயரமுள்ள எழுத்து திரையில் 1 மி.மீ. கூட இருக்காது. அதைப் படிக்க வைக்க முடியாது, முயலவும் வேண்டாம். அந்த விவரங்கள் லேபிளின் பின்பக்கத்தில் ஒழுங்காக இருக்கட்டும், லேபிள் முழுவதையும் இரண்டாவது படமாகத் தட்டையாகப் போடுங்கள். அறிமுகப் படத்தில் விலையை லேபிளுக்கு வெளியே தனி எழுத்தாக வைக்கலாம்.

மூடிக்கு வருவோம். தங்கநிற மூடி என்றால் உலோகம். உப்புத்தண்ணீர் மூடியின் விளிம்பில் பட்டுக்கொண்டே இருந்தால் துரு வரும். உள்பக்கம் பூச்சு முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சில் கீறல் விழுந்த மூடியைப் பயன்படுத்த வேண்டாம். உப்புத்தண்ணீரில் நனைத்து ஒரு வாரம் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிளாஸ்டிக் மூடிக்கு மாறுவதானால் படம் எடுப்பதற்கு முன்பே மாறிவிடுங்கள்.

---

தங்கவேல்_வண்ணாமடை

உலோக மூடி வேண்டவே வேண்டாம். வடுவுக்கும் இரும்புக்கும் ஆகாது.

---

செல்வி_கொழிஞ்சாம்பாறை

எல்லோரும் சொன்னதை வைத்துத் திரும்ப எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

"தம்பி, இரண்டு வேலை, ஒன்றன்பின் ஒன்றாக. முதலில் லேபிள். ஜாரின் விட்டம் 8 செ.மீ. லேபிள் 18 செ.மீ. நீளம், 4 செ.மீ. உயரம், நேர்ப்பகுதியின் அடியிலிருந்து அரை செ.மீ. மேலே ஒட்டுவேன். நடு 8 செ.மீ.யில் வடுமாங்காய் என்று பெரிதாக, அதன் கீழ் மலையாளத்தில் கண்ணிமாங்கா பாதி அளவில், ஆங்கிலப் பெயர் சிறியதாக, பக்கத்தில் பச்சைப் பொட்டு, கீழே கொழிஞ்சாம்பாறை, எடை. மீதி விவரமெல்லாம் ஓரங்களில் ஆங்கிலத்திலும் தமிழிலும். வார்த்தைகளைத் தனியாகத் தட்டி அனுப்புகிறேன், அதையே நகலெடுத்துப் போடுங்கள். லேபிளின் தரை மங்கிய வெள்ளை, எழுத்து அடர்பச்சை. சிறிய எழுத்தெல்லாம் தனிக் கறுப்பு. தொகுதி எண்ணுக்கும் தேதிக்கும் 3 செ.மீ. நீளத்தில் வெற்றிடம் விடுங்கள், அதை நான் முத்திரை குத்துவேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் வெள்ளைத்தாளில் நிஜ அளவில் அச்செடுத்து ஜாரில் சுற்றிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் படம். நிறைத்த ஜார் ஒன்றும் காலி ஜார் ஒன்றும் கொடுத்து அனுப்புகிறேன். வேறு ஜார், வேறு ஊறுகாய்ப் படம் எதுவும் சேர்க்க வேண்டாம். படத்தை இங்கேயே ஜன்னலோரம் எடுத்து, தரம் குறையாமல் இருக்க வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புவேன். முதலில் கண்ணில் பட வேண்டியது முழு வடு, இரண்டாவது பெயர். லேபிளுக்கு மேல் தெரியும் வடுவை எழுத்தாலோ பூவேலையாலோ மறைக்க வேண்டாம். நிறத்தைக் கையிலிருக்கும் ஜாரோடு ஒப்பிட்டுத் திருத்தவும். பின்னணி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளிர்நிறம், வேறு படம் வேண்டாம். கீழே பழைய மரப்பலகை. வலப்பக்கம் சிறிய கிண்ணத்தில் தயிர்சாதம். அகலம் 1080, உயரம் 1350 என்று ஒன்று, ஸ்டேட்டஸுக்கு 1080-க்கு 1920 என்று ஒன்று. இரண்டாவதில் மேலேயும் கீழேயும் எழுத்து வைக்க வேண்டாம், அங்கே திரையில் வேறு பட்டன்கள் வந்து மறைக்கும்."

மூடியை வெள்ளை பிளாஸ்டிக்காக மாற்றிவிட்டேன். பரணி இருக்கும் படம் ஒன்று, இல்லாதது ஒன்று, இரண்டும் எடுக்கப்போகிறேன்.

---

முருகேசன்_பேக்கிங்

நன்றாக இருக்கிறது. இரண்டு சேர்க்கை. லேபிளின் தரையை வெட்டு விளிம்புக்கு வெளியே எல்லாப் பக்கமும் 3 மி.மீ. நீட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெட்டும்போது சில லேபிளில் ஓரத்தில் வெள்ளைக்கோடு விழும். அடர்பச்சை திரையில் ஒன்றாகவும் அச்சில் இன்னொன்றாகவும் வரும், பொதுவாக அச்சில் மங்கும். அதனால் மொத்தமாக அடிக்கும் முன் அதே ஸ்டிக்கர் தாளில் ஒன்று அடித்துக் கேளுங்கள். அந்த லேபிளை ஒட்டிய ஜாரைத்தான் படம் எடுக்க வேண்டும்.

எத்தனை முறை திருத்தம் செய்து தருவார், திருத்தக்கூடிய மூலக்கோப்பைத் தருவாரா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் எடையோ விலையோ மாறினால் அது கையில் வேண்டும்.

---

ஜெயந்தி_சித்தூர்

மலையாள வரியை எனக்கு அனுப்புங்கள் செல்வி, எங்கள் பள்ளி மலையாள டீச்சரிடம் காட்டித் தருகிறேன். "சேர்மானம்" என்ற தலைப்பின் கீழ் வடு, உப்பு என்று அளவு அதிகமுள்ளதிலிருந்து வரிசையாகத்தானே எழுதியிருக்கிறீர்கள்?

---

செல்வி_கொழிஞ்சாம்பாறை

ஆமாம் டீச்சர். வடு, உப்பு, மிளகாய்ப்பொடி, கடுகுப்பொடி, மஞ்சள்பொடி, விளக்கெண்ணெய் என்று அளவுப்படிதான். மலையாள வரியை இன்று இரவே அனுப்புகிறேன்.

---

புஷ்பா_நகரி

வெள்ளை மூடி எங்கே வாங்கினீர்கள் செல்வி? என் ஜாரும் அதே 8 செ.மீ. விட்டம்தான், ஆனால் வாயின் அளவு வேறு மாதிரி இருக்கிறது. மூடி மட்டும் தனியாகக் கிடைக்குமா, ஜாரோடுதான் தருவார்களா?

---

செல்வி_கொழிஞ்சாம்பாறை

கோயம்புத்தூரில் ஜார் வாங்கிய மொத்தக் கடையிலேயே தனியாகத் தருகிறார்கள் அக்கா. வாயின் வெளிவிட்டத்தை மி.மீ. கணக்கில் அளந்து, திருகின் சுற்று எத்தனை என்று எண்ணி, முடிந்தால் காலி ஜாரையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். விட்டம் ஒன்றாக இருந்தும் திருகு ஒத்துவராத மூடிகள் இருக்கின்றன. வாங்கிய உடனே தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள்.